மினிபிரிட்ஜ்: ஏலம் பழகாமல் ஆட்டத்தை முதலில் பழக வருவோர் கேட்பவை

மினிபிரிட்ஜ் என்பது உண்மையான பிரிட்ஜா, சிறுவர்களுக்கான வேறு விளையாட்டா?

பிரிட்ஜின் பின்பாதி அப்படியே இருக்கிறது. 52 சீட்டு, நான்கு பேர், எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு சோடி, ஆளுக்கு 13 சீட்டு, 13 பிடி. ஆடும் சோடியில் ஒருவர் தன் சீட்டை மேசையில் விரித்து வைக்கும் டம்மியும் உண்டு. கழிவது முன்பாதியான ஏலம் மட்டும். முழு பிரிட்ஜில் எந்தச் சோடி ஆடும், எது துரும்பு, எத்தனை பிடி எடுக்க வேண்டும் என்பதை ஏலம் தீர்மானிக்கும். மினிபிரிட்ஜில் முதற்கேள்விக்குப் புள்ளிக் கணக்கும் மற்ற இரண்டுக்கும், தன் கையையும் டம்மியின் கையையும் சேர்த்து ஆடும் டிக்ளேரரின் கண்ணும் பதில் சொல்கின்றன. 1990களில் பிரான்சிலும் நெதர்லாந்திலும் பழக்கத்துக்கு வந்த முறை இது. ஏலத்தின் மொழியை மாதக்கணக்கில் படித்துவிட்டு மேசைக்கு வந்தவர்கள், ஒரு பிடி எப்படி உருவாகிறது என்று தெரியாமல் விழித்ததுதான் இதற்குத் தேவை உண்டாக்கியது.

எங்களுக்கு 304உம் ஓமியும் நன்றாகத் தெரியும். அது உதவுமா, இடைஞ்சலா?

பெரும்பாலும் உதவும். சோடியாக ஆடுவது, இறங்கிய இனத்தையே போடுவது, இல்லாதபோது துரும்பால் வெட்டுவது எல்லாம் உங்களுக்குப் பழக்கமானவை. ஆனால் மூன்று பழக்கங்கள் முதல் நாளில் காலை வாரும்.

முதலாவது சீட்டுக் கட்டு. 304க்கும் ஓமிக்கும் 32 சீட்டுப் போதும் என்பதால், பல வீடுகளில் 2 முதல் 6 வரையான 20 சீட்டும் லாச்சிக்குள் தனியே கிடக்கும், சில தொலைந்தும் இருக்கும். பகிர்வதற்கு முன் 52 இருக்கிறதா என்று எண்ணுங்கள். கடைசி ஆளுக்கு 12 சீட்டு வந்தபிறகு கண்டுபிடித்தால் அந்தப் பகிர்வு முழுவதும் வீண்.

இரண்டாவது வரிசை. 304இல் ஜாக்கும் ஒன்பதும் ஏஸுக்கு மேல். இங்கே ஏஸ், கிங், குயின், ஜாக், 10, 9 என்று நேராக இறங்கி 2 வரை போகும். துரும்பிலும் இதே வரிசைதான். ஜாக் போட்டுப் பிடி தனக்கென்று கையை நீட்டி, எதிராளி குயின் வைத்திருப்பதைப் பார்த்துத் திகைப்பது எந்த மேசையிலும் நடக்கும்.

மூன்றாவது, பிடியில் விழும் சீட்டுக்குப் பெறுமதி இல்லை. ஏஸும் கிங்கும் விழுந்த பிடியும் ஒரு பிடிதான். 5, 4, 3, 2 விழுந்த பிடியும் ஒரு பிடிதான். புள்ளி என்பது ஆட்டம் தொடங்குமுன் கையின் பலத்தை அளக்கும் கோல். ஆட்டம் தொடங்கியபின் அதை யாரும் சேர்ப்பதில்லை.

பகிர்வதும் ஆடுவதும் இடப்பக்கமாக, மணிக்கூட்டு முள் போகும் திசையில். வலப்பக்கமாகப் போட்டுப் பழகிய வீட்டார் இதையும் கவனிக்க வேண்டும். இனங்களின் பெயரை ஸ்கோப்பன், கிளாவர் என்று சொல்லிப் பழகியிருந்தால் அப்படியே சொல்லலாம். இங்கே ஸ்பேட், ஹார்ட், டயமண்ட், கிளப் என்று எழுதுகிறோம்.

புள்ளி எண்ணுவதும், யார் ஆடுவது என்று முடிவாவதும் எப்படி?

ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1. பத்துக்கும் அதற்குக் கீழ் உள்ளவற்றுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்தில் 10 புள்ளி, நான்கு இனத்துக்கும் சேர்த்து 40.

பகிர்ந்தவர் தன் புள்ளியை முதலில் சொல்வார். பிறகு இடப்பக்கமாக ஒவ்வொருவரும் சொல்வார்கள். எண்ணை மட்டும்தான் சொல்ல வேண்டும். "பதின்மூன்று, ஆனால் நல்ல ஸ்பேட் இருக்கு" என்று சொல்லக் கூடாது. நான்கு எண்ணும் 40 ஆகவேண்டும். ஆகாவிட்டால் யாரோ பிழையாக எண்ணியிருக்கிறார்கள், எல்லோரும் திரும்ப எண்ணுவதே வழி. கூட்டுத்தொகை 40ஐத் தாண்டினால் பெரும்பாலும் யாராவது பத்தையும் ஒரு படமாகக் கணக்கெடுத்திருப்பார், அல்லது 304 நினைவில் ஜாக்குக்குத் தாராளமாகக் கொடுத்திருப்பார்.

கூடிய புள்ளி உள்ள சோடி ஆடும் சோடி. அந்தச் சோடியில் கூடிய புள்ளி சொன்னவர் டிக்ளேரர், அவருடைய சோடி டம்மி. இருவருக்கும் சமம் என்றால் முதலில் சொன்னவர் டிக்ளேரர். இரு சோடிக்கும் 20 என்றால் கலைத்துத் திரும்பப் பகிருங்கள்.

இதன் பிறகு டம்மி தன் 13 சீட்டையும் இனம் இனமாக மேசையில் விரிப்பார். முழு பிரிட்ஜில் முதற்சீட்டு இறங்கிய பின்னரே டம்மி விரியும். மினிபிரிட்ஜில் முன்பே விரிந்துவிடும், அதைப் பார்த்துத்தான் டிக்ளேரர் துரும்பையும் இலக்கையும் சொல்வார். அவர் சொன்னபின் அவருடைய இடப்பக்கத்தில் இருப்பவர் முதலில் இறங்குவார்.

டம்மியைப் பார்த்தபின் எதைச் சொல்வது?

இரண்டு முடிவு எடுக்க வேண்டும். துரும்பு எது என்பது ஒன்று. இரு கையும் சேர்ந்து ஓர் இனத்தில் எட்டு அல்லது அதற்கு மேல் இருந்தால், அதிலும் அது ஸ்பேடாகவோ ஹார்ட்டாகவோ இருந்தால், அதையே துரும்பாக்குவது பொதுவாக நல்லது. எட்டு என்றால் எதிரிகளிடம் ஐந்துதான். அப்படி ஒன்றும் இல்லாவிட்டால் துரும்பில்லாமல் ஆடலாம்.

மற்றது, சிறிய இலக்கா பெரிய இலக்கா என்பது. சிறிய இலக்குக்கு ஏழு பிடி போதும். பெரிய இலக்கை கேம் என்பார்கள். அதற்குத் துரும்பில்லா ஆட்டத்தில் 9 பிடி, ஸ்பேட் அல்லது ஹார்ட் துரும்பில் 10, டயமண்ட் அல்லது கிளப்பில் 11 எடுக்க வேண்டும். சோடிக்கு 25 புள்ளி இருந்தால் ஒன்பது அல்லது பத்துப் பிடி கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு என்பது பிரிட்ஜ் ஆடுவோரின் நீண்ட அனுபவக் கணக்கு. 11 பிடிக்கு இன்னும் மூன்று நான்கு புள்ளி கூடுதலாக வேண்டும். அதனால்தான் கிளப்பில் எட்டுச் சீட்டு இருந்தும் பலர் துரும்பில்லாமல் ஒன்பதைத் தேடுகிறார்கள்.

25 என்பது ஒரு சராசரி. நீண்ட ஒரே இனம் ஓடும்போது 23 புள்ளியிலும் ஒன்பது பிடி வரும். எல்லா இனமும் மூன்று நான்காகச் சிதறிக் கிடந்தால் 26இலும் வராது. டம்மி கண்முன்னே இருக்கிறது, ஆகவே புள்ளியைக் கூட்டியதோடு நிற்காமல் பிடியை எண்ணுங்கள்.

ஸ்கோர் எப்படி எழுதுவது?

முதல் ஆறு பிடிக்கு ஒன்றுமில்லை. ஏழாவது பிடியிலிருந்து கிளப், டயமண்ட் துரும்பென்றால் பிடிக்கு 20. ஹார்ட், ஸ்பேட் என்றால் 30. துரும்பில்லாவிட்டால் ஏழாவதற்கு 40, அதற்குப் பின் 30. சிறிய இலக்கை எட்டினால் மேலதிகமாக 50, கேமைச் சொல்லி எட்டினால் 300. எட்டாவிட்டால் குறைந்த ஒவ்வொரு பிடிக்கும் எதிர்ச்சோடிக்கு 50.

துரும்பில்லாமல் ஒன்பது பிடி எடுத்தால் 40 + 30 + 30 = 100. கேம் சொல்லியிருந்தால் 400, சிறிய இலக்கைச் சொல்லியிருந்தால் 150. ஒரு பிடி குறைந்தால் இழப்பு வெறும் 50. பயந்து சிறிய இலக்கையே சொல்லிக்கொண்டிருப்பவர் ஏன் கடைசியில் பின்தங்குகிறார் என்பது இந்தக் கணக்கிலேயே விளங்கும். கேமுக்கு 500 கொடுக்கும் வகை ஒன்றும் முழு பிரிட்ஜில் உண்டு. பழகும்வரை அதை விட்டுவிடலாம்.

25 புள்ளி வைத்துக்கொண்டு துரும்பில்லாமல் ஆடினோம், ஆறு பிடிதான் வந்தது. பிழை எங்கே?

இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட அடிக்கடி வரும். பதில் பெரும்பாலும் முதற்பிடியிலேயே இருக்கிறது. ஒரு பகிர்வை மேசையில் விரித்துப் பார்ப்போம். கட்டை எடுத்து இதே சீட்டுகளை அடுக்கிக்கொண்டு படித்தால் நன்றாக விளங்கும்.

வடக்கு (டம்மி)
ஸ்பேட்: 9 6 2
ஹார்ட்: ஏஸ் 8 5
டயமண்ட்: குயின் ஜாக் 10 9 5
கிளப்: ஜாக் 3

தெற்கு (டிக்ளேரர்)
ஸ்பேட்: ஏஸ் கிங் 4
ஹார்ட்: கிங் 7 3
டயமண்ட்: கிங் 6
கிளப்: ஏஸ் 9 7 4 2

வடக்கு பகிர்ந்தார். வடக்கு 8, கிழக்கு 9, தெற்கு 17, மேற்கு 6. மொத்தம் 40, சரி. எட்டுச் சீட்டு உள்ள இனம் எதுவும் இல்லை. இரு கைக்கும் 25 புள்ளி இருக்கிறது. தெற்கு துரும்பில்லாமல் கேம் என்கிறார், 9 பிடி வேண்டும். மேற்கு ஹார்ட் குயினை இறக்குகிறார்.

டம்மியிலிருந்து சீட்டைத் தொடுமுன் நிறுத்துங்கள். எதிரிக்குப் பிடி எதுவும் கொடுக்காமல் இப்போதே எடுக்கக்கூடிய பிடி எத்தனை? ஸ்பேடில் இரண்டு, ஹார்ட்டில் இரண்டு, கிளப்பில் ஒன்று, மொத்தம் ஐந்து. டயமண்டில் ஏஸ் வெளியே இருப்பதால் இந்தக் கணம் ஒன்றுமில்லை. இன்னும் நான்கு வேண்டும்.

அந்த நான்கும் டயமண்டில்தான் இருக்கின்றன. கிங், குயின், ஜாக், 10, 9 எல்லாம் நம்மிடம். ஏஸை மட்டும் வெளியே வரவழைத்தால் மீதி நான்கும் பிடி. ஐந்தும் நான்கும் ஒன்பது. திட்டம் கிடைத்துவிட்டது.

இனி வழியைப் பாருங்கள். டயமண்டுகள் டம்மியில் கிடக்கின்றன. கையில் இரண்டே இரண்டு டயமண்ட். ஏஸ் போனபின் டம்மிக்குப் போய்ச் சேர ஒரு சீட்டு வேண்டும். டம்மியின் ஸ்பேடிலும் கிளப்பிலும் உயரச் சீட்டு இல்லை. ஹார்ட் ஏஸ் ஒன்றுதான் பாலம். ஆகவே முதற்பிடியை டம்மியின் ஏஸால் எடுக்கக் கூடாது. டம்மியில் 5ஐப் போட்டு, கையிலுள்ள கிங்கால் எடுக்க வேண்டும்.

இரண்டாம் பிடி: டயமண்ட் கிங்கை இறக்குங்கள், டம்மியில் 5. குறைந்த எண்ணிக்கை உள்ள கையிலிருக்கும் பெரிய சீட்டு முதலில் போகவேண்டும். 6ஐ முதலில் குயினுக்கு ஆடினால் கிங் கையில் தனித்துத் தேங்கும். கிழக்கு பொறுமையாக 2ஐப் போட்டுக் கிங்கை விட்டுவிடுகிறார். மூன்றாம் பிடி: 6ஐ இறக்கி டம்மியிலிருந்து குயினைப் போடுகிறோம். கிழக்கு இம்முறை ஏஸால் எடுத்து, தன் சோடியின் ஹார்ட்டைத் திருப்பி இறங்குகிறார். கையில் 3, மேற்கு 9, டம்மியில் ஏஸ். இப்போது டம்மியிலே நிற்கிறோம். டயமண்ட் ஜாக், 10, 9 மூன்றும் வரிசையாகப் பிடி. கையிலிருந்து சிறிய கிளப்புகளைக் கழிக்கலாம். பிறகு ஸ்பேட் ஏஸ், கிங், கிளப் ஏஸ்.

எண்ணிப் பாருங்கள்: ஹார்ட் 2, டயமண்ட் 4, ஸ்பேட் 2, கிளப் 1. ஒன்பது.

அதே பகிர்வில் முதற்பிடியை டம்மியின் ஹார்ட் ஏஸால் எடுத்தவருக்கு என்ன ஆகும்? டயமண்ட் 5ஐக் கிங்குக்கு ஆடுகிறார், கிழக்கு விட்டுவிடுகிறார். 6ஐக் குயினுக்கு ஆடுகிறார், கிழக்கு ஏஸால் எடுக்கிறார். டம்மியில் ஜாக், 10, 9 மூன்றும் மேசையில் பளபளவென்று கிடக்கின்றன. அங்கே போக வழி இல்லை. ஹார்ட் 2, டயமண்ட் 1, ஸ்பேட் 2, கிளப் 1, மொத்தம் ஆறு. மூன்று பிடி குறைவு, எதிர்ச்சோடிக்கு 150. நீங்கள் கேட்ட ஆறு பெரும்பாலும் இப்படித்தான் வந்திருக்கும். "பக்கத்தில் இருந்தது, எடுத்துவிட்டேன்" என்பதுதான் இந்தப் பிழையின் முழு விளக்கம்.

உறுதியான ஏஸ், கிங்கை எல்லாம் முதலில் எடுத்துவிட்டால் பத்திரம்தானே? பிறகு எதிரி வெட்டவும் முடியாது.

துரும்பில்லா ஆட்டத்தில் வெட்டு என்பதே இல்லை. அதனால் அந்த அவசரத்துக்கு இடமுமில்லை. உங்கள் ஏஸும் கிங்கும் காவல் நிற்கின்றன. அவை விழுந்த கணமே எதிரியின் குயினும் ஜாக்கும் பெரிய சீட்டாகிவிடும்.

மேலே சொன்ன பகிர்வில் மற்ற இரு கையும் இவை:

மேற்கு
ஸ்பேட்: ஜாக் 8 5
ஹார்ட்: குயின் ஜாக் 10 9 2
டயமண்ட்: 8 3
கிளப்: குயின் 10 6

கிழக்கு
ஸ்பேட்: குயின் 10 7 3
ஹார்ட்: 6 4
டயமண்ட்: ஏஸ் 7 4 2
கிளப்: கிங் 8 5

ஹார்ட் கிங்கால் சரியாக எடுத்த தெற்கு, "இவை என்னுடையவைதானே" என்று ஸ்பேட் ஏஸ், கிங், கிளப் ஏஸ் மூன்றையும் அடித்துவிட்டு டயமண்டுக்குப் போகிறார் என்று வையுங்கள். கிழக்கு டயமண்ட் ஏஸுடன் உள்ளே வரும்போது அவரிடம் ஸ்பேட் குயினும் 10உம் பிடியாகிக் காத்திருக்கின்றன, கிளப் கிங்கும் அப்படியே. டயமண்ட் ஏஸோடு நான்கு பிடி. அதற்குப் பிறகு சிறிய கிளப்பை இறங்கினால் மேற்கின் குயின் ஐந்தாவதை எடுக்கும். 13இல் ஐந்து போனால் எட்டுத்தான் மீதம். கேம் உடைந்தது. டயமண்டை முதலில் உடைத்திருந்தால் கிழக்கு உள்ளே வந்தும் எதையும் செய்ய முடியாது. எல்லா இனத்திலும் தெற்கின் காவல் நின்றிருக்கும்.

கொடுக்க வேண்டிய பிடியை, காவல் இருக்கும்போதே கொடுங்கள். புதியவர்களுக்கு மனம் ஒப்பாத பாடம் இது. கையில் ஏஸ் இருக்க எதிரிக்குப் பிடி கொடுப்பது இழப்பாகத் தோன்றும்.

நான் டிக்ளேரரும் இல்லை, டம்மியும் இல்லை. எதை இறங்குவது?

துரும்பில்லா ஆட்டத்தில் உங்களின் மிக நீண்ட இனத்தை இறங்குங்கள். நீங்களும் டிக்ளேரர் செய்வதையே செய்கிறீர்கள்: அவர் காவல் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உங்களின் சிறிய சீட்டுகளைப் பிடியாக்கப் பார்க்கிறீர்கள். அந்த இனத்தில் குயின், ஜாக், 10 போலத் தொடர்ந்து மூன்று இருந்தால் மேலேயுள்ளதை இறங்குங்கள். தொடர் இல்லாவிட்டால் மேலிருந்து நான்காவது சீட்டு.

தொடரின் மேற்சீட்டை இறங்குவது சோடிக்கு ஒரு செய்தி: "குயின் வைத்தேன், ஜாக்கும் என்னிடம் உண்டு, கிங் இல்லை." ஒரு நாள் மேலேயுள்ளதும் மறுநாள் கீழேயுள்ளதும் என்று ஆடினால் அந்தச் செய்தி கெட்டுப்போகும்.

மினிபிரிட்ஜில் இன்னொரு வசதியும் உண்டு. நால்வரின் புள்ளியும் எல்லோருக்கும் தெரியும். டிக்ளேரருக்கு இதன் பயனை அதே பகிர்விலேயே பார்க்கலாம். மேற்கு சொன்னது 6. இறக்கியது ஹார்ட் குயின், ஆகவே ஜாக்கும் அவரிடம். அது 3 புள்ளி. மீதி 3தான். டயமண்ட் ஏஸுக்கு 4 வேண்டும். எனவே அது மேற்கிடம் இருக்க முடியாது, கிழக்கிடம்தான். ஒரு டயமண்டும் விழுமுன்னே இது தெரிந்துவிடுகிறது. இந்தச் சங்கிலி மேற்கு தொடரிலிருந்து இறங்குகிறார் என்ற நம்பிக்கையில் தொங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம். குயினை வேறெதற்காவது இறக்கியிருந்தால் 2 போக மீதி 4, ஏஸ் அவரிடமும் இருக்கலாம்.

எதிர்ப்போருக்கும் இதே கணக்கு உதவும். உங்கள் சோடி 1 புள்ளி என்று சொல்லியிருந்தால் அவரிடம் ஏஸ், கிங், குயின் எதுவும் கிடையாது. அவர் எடுத்துத் தருவார் என்று காத்திருப்பது வீண்.

கிழக்கு ஏன் டயமண்ட் ஏஸால் உடனே எடுக்கவில்லை? கையில் இருக்கும் ஏஸை விடுவது ஆபத்தில்லையா?

டம்மியில் நீண்ட இனம் இருக்கிறது, அங்கே போக வழி குறைவு என்று கண்டால் விடுவதுதான் ஆட்டம். டிக்ளேரரின் கையில் அந்த இனம் தீரும்வரை ஏஸைப் பிடித்து வைத்தால், அதன்பின் டம்மியின் டயமண்டுகளுக்குப் போக அந்த இனத்தாலேயே ஒரு சீட்டும் அவரிடம் இருக்காது. முதற்பிடியில் ஹார்ட் ஏஸை வீணாக்கிய தெற்கைப் பாருங்கள். டம்மியின் டயமண்ட் 5க்கு கிழக்கு உடனே ஏஸைப் போட்டிருந்தால், தெற்கு அதன் கீழே கிங்கைப் போட்டுவிட்டு, கையில் மிஞ்சிய 6ஐ வைத்து டம்மிக்குப் போய் ஒன்பது பிடியையும் எடுத்திருக்கலாம். பிழை செய்தவரை எதிரியே காப்பாற்றிய கதையாகியிருக்கும்.

துரும்பு வைத்து ஆடினால் முதலில் துரும்பை முழுவதும் இழுத்துவிட வேண்டும் என்கிறார்கள். எப்போதுமா?

பெரும்பாலும் ஆம். எட்டுத் துரும்பு நம்மிடம் இருந்தால் வெளியே ஐந்து. அது 3-2 ஆகப் பிரிந்திருக்க ஏறக்குறைய 68 சதவீத வாய்ப்பு, அப்போது மூன்று சுற்றில் தீர்ந்துவிடும். வெளியே உள்ளதை எண்ணுங்கள்: ஐந்து, ஒவ்வொரு சுற்றிலும் எதிரி போட்டது எத்தனை என்று கழித்துக்கொண்டு வந்தால் போதும். ஐந்தும் விழுந்த பிறகும் நான்காவது சுற்று இழுப்பது நம் துரும்பை நாமே வீணாக்குவது.

டம்மியில் வெட்டிப் பிடி எடுக்க வேண்டியிருந்தால் மட்டும் பொறுத்திருங்கள். ஸ்பேட் துரும்பு, கையில் ஏஸ் கிங் ஜாக் 7 4, டம்மியில் குயின் 8 2. ஹார்ட்டில் கையில் ஏஸ் 6 3, டம்மியில் 5 ஒன்றே. துரும்பை மூன்று சுற்று இழுத்தால் டம்மியில் துரும்பே இராது. ஹார்ட்டில் ஏஸ் போக மற்ற இரண்டும் இழப்பு, துரும்பில் ஐந்து பிடி. மாறாக, ஹார்ட் ஏஸை எடுத்து, 3ஐ டம்மியின் 2ஆல் வெட்டி, கைக்குத் திரும்பி, 6ஐக் குயினால் வெட்டினால் துரும்பில் ஏழு பிடி வரலாம். கையின் நீண்ட துரும்பால் வெட்டுவது பொதுவாக எண்ணிக்கையைக் கூட்டாது. அவை எப்படியும் பிடிகள்தான். குறைந்த துரும்பு உள்ள பக்கத்தில் வெட்டினால்தான் கூடுதல் வரும்.

டம்மி கதைக்கலாமா? பிடியை எப்படி வைப்பது?

ஆட்டம் நடக்கும்போது டம்மி ஆலோசனை சொல்லக் கூடாது. டிக்ளேரர் பெயர் சொன்ன சீட்டை எடுத்துப் போடுவது அவர் வேலை. "உங்களிடம் ஹார்ட் இல்லையா?" என்று டிக்ளேரரைக் கேட்கலாம், இனம் இருந்தும் வேறு போடும் பிழையைத் தடுக்க அது நல்லது.

304போலச் சீட்டுகளை நடுவில் குவித்து அள்ள வேண்டாம். ஒவ்வொருவரும் தான் போட்ட சீட்டைத் தன் முன்னாலேயே கவிழ்த்து வைக்க வேண்டும். தன் சோடி எடுத்த பிடி என்றால் நெட்டாக, சோடியை நோக்கி. எதிரி எடுத்தது என்றால் குறுக்காக. இப்படி வைத்தால் எத்தனை பிடி என்பது ஒரு பார்வையில் தெரியும். அதைவிடப் பெரிய பயன், 13 பிடியும் முடிந்தபின் அதே கைகளைத் திரும்ப எடுத்து மறுபடி ஆடிப் பார்க்கலாம். கேம் உடைந்த பகிர்வை அங்கேயே இன்னொரு முறை ஆடுவது, புதிதாகப் பத்துப் பகிர்வு ஆடுவதைவிடப் பயன் தரும். ஒரு போயா விடுமுறையில் எட்டுப் பேர் கூடி இரண்டு மேசை போட்டால், ஒரு மேசையில் ஆடிய கைகளை நான்கு கடித உறைகளில் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று எழுதிப் போட்டு அடுத்த மேசைக்கு அனுப்புங்கள். ஒரே சீட்டில் ஒருவர் ஒன்பதும் மற்றவர் ஆறும் எடுத்தால், எந்தப் பிடியில் வழி பிரிந்தது என்று இரு மேசையாரும் சேர்ந்து தேடலாம்.

ஏலத்துக்கு எப்போது மாறுவது?

முதற்சீட்டு விழுந்ததும், டம்மியைத் தொடுமுன், "உறுதி ஐந்து, இன்னும் நான்கு, அவை டயமண்டில்" என்பதுபோல நால்வரும் மனதுக்குள் சொல்லப் பழகியபின். அதற்கு முன் ஏலம் படித்தால், ஒன்பது பிடி என்று கேட்டுவிட்டு அந்த ஒன்பது எங்கே என்று தெரியாமல் நிற்க நேரும்.

மாறும்போது புதிதாகப் படிக்க வேண்டியது முதலில் கொஞ்சம்தான். சோடியின் புள்ளி 25ஐத் தொடுகிறதா, எட்டுச் சீட்டு இனம் உண்டா என்று இதுவரை டம்மியைப் பார்த்துக் கண்டுபிடித்தீர்கள். இனி டம்மி மூடியிருக்கும்போதே அதே இரண்டையும் ஏலத்தின் சொற்களால் கேட்டறிய வேண்டும். இடைப்பட்ட ஒரு படியும் உண்டு: புள்ளியைச் சொல்லி டிக்ளேரரை முடிவுசெய்தபின் டம்மியை விரிக்காமல், "எத்தனை ஸ்பேட், எத்தனை ஹார்ட்?" என்று இரண்டு கேள்வி மட்டும் கேட்டு, இலக்கைச் சொல்லிவிட்டு, முதற்சீட்டு இறங்கியபின் விரிப்பது. இது விதிப்புத்தகத்தில் உள்ளதல்ல, பழக்குவதற்கான ஏற்பாடு. இரண்டு மூன்று மாலை இப்படி ஆடியபின், "ஒரு ஸ்பேட்" என்று ஏலத்தைத் தொடங்குபவர் தன் சோடிக்கு எதைச் சொல்ல முயல்கிறார் என்பது தானாக விளங்கும்.